இன்னொரு டாக்டரைச் சேர்ப்பதற்கு முன்

மாலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு மாவட்டத் தலைநகரில், ஓரளவு பெயர் வாங்கிய பல் கிளினிக் ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். வெளியே பத்துப் பேர் காத்திருப்பார்கள். உள்ளே டாக்டர் கழுத்தை வளைத்து ஒருவருடைய கடைவாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். நடுவில் நிமிர்ந்து, "லேபுக்கு போன் போட்டியாம்மா? அந்த கேப் இன்னிக்கு வரணுமே" என்பார். உதவிக்கு நிற்கும் பெண் அப்போதுதான் வேறொரு கருவியைத் தேடி அலமாரிப் பக்கம் போயிருப்பாள். அதற்குள் ரிசப்ஷனில் இருப்பவர் கதவைப் பாதி திறந்து, "மேடம், போன வாரம் வந்த அந்த அம்மா ஃபீஸ் கொஞ்சம் குறைக்கச் சொல்றாங்க" என்று நிற்பார். வாயைத் திறந்தபடி படுத்திருக்கும் நோயாளி இவை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

இப்படியே பதினைந்து வருடம் ஓடினால் கழுத்தும் முதுகும் பேச ஆரம்பிக்கும். பல் மருத்துவர்களுக்குக் கழுத்துவலியும் முதுகுவலியும் தொழிலோடு வரும் நோய்கள் என்று உலகெங்கும் எழுதிவைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க சேர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைக் குறைத்து, கிளினிக்கை நடத்துவதைப் பார்க்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வரும். வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் காரியம், பி.டி.எஸ். முடித்த ஒரு ஜூனியர் டாக்டரைத் தேடுவது. கூடவே இரண்டாவது சேர் ஒன்றையும் வாங்கிப் போடுவது.

வரிசை இங்கேதான் தலைகீழாகிறது என்பது என் எண்ணம். கருவி தேடுவதும் லேபுக்கு போன் போடுவதும் ஃபீஸ் பேரமும் அப்படியே இருக்கும்போது இன்னொரு டாக்டர் வந்தால், ஒரே கருவியை இரண்டு டாக்டர்கள் தேடுவார்கள். ஜூனியருக்குச் சம்பளமும் கொடுத்து, அவருடைய சந்தேகங்களுக்கும் பதில் சொல்லி, ஆறு மாதத்தில் சீனியர் முன்பைவிடக் களைத்துப்போவார். "ஆள் சரியில்லை" என்று அவரை அனுப்பிவிட்டுப் பழையபடி தனியாக உட்கார்ந்துவிடுவார். கைமாற்ற வேண்டிய வேலைகளுக்கு ஒரு படி வரிசை இருக்கிறது. அதில் சிகிச்சை கடைசிப் படிகளில் ஒன்று.

மூன்று நாள் கணக்கு

ஒரு கிளினிக்கை மனதில் வைத்துக்கொள்வோம். ஒரு டாக்டர், இரண்டு உதவியாளர்கள், ரிசப்ஷனில் ஒருவர். காலை பத்து முதல் ஒன்றரை வரை, மாலை ஐந்து முதல் ஒன்பது வரை வேலை நேரம். மூன்று நாளைக்கு மட்டும், கால் மணிக்கு ஒரு முறை டாக்டரின் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று உதவியாளர் ஒரு நோட்டில் குறிக்கட்டும். டாக்டரே குறித்தால் நடக்காது. பத்து நிமிடம் போனில் நின்றதை இரண்டு நிமிடம் என்றுதான் அவர் நினைவில் வைத்திருப்பார்.

பிறகு ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் ஒரே ஒரு கேள்வி: இதற்குப் பல் மருத்துவப் பட்டம் வேண்டுமா? மரப்பு ஊசி போடுவது, துளைப்பது, ரூட் கெனால், எக்ஸ்ரேயைப் பார்த்து முடிவெடுப்பது, மருந்து எழுதுவது எல்லாவற்றுக்கும் வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் பதிவு பெற்றவர்களுக்கு மட்டுமே இந்தத் தொழிலைத் திறந்துவிட்டது. அதன் இடத்துக்காக 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டமும் அந்தக் கோட்டை அழிக்கவில்லை. பல வருடம் பக்கத்தில் நின்று பார்த்த உதவியாளருக்குப் பல் சுத்தம் செய்யத் தெரிந்திருக்கலாம். அதற்கென்று படித்துப் பதிவு செய்த ஹைஜீனிஸ்ட்டாக இல்லாதவரையில் அவரிடம் அதைக் கொடுக்கக் கூடாது. கூட்டம் அதிகமான மாலையில் "நீயே பண்ணிடும்மா" என்று சொல்லும் பழக்கம் சில இடங்களில் உண்டு. வேலையைப் பகிர்ந்துகொடுப்பதாக அவர்கள் நினைக்கலாம். உண்மையில் தங்கள் பதிவையே பணயம் வைக்கிறார்கள்.

பட்டம் தேவைப்படாத வரிகளைக் கூட்டிப் பாருங்கள். நம் உதாரண கிளினிக்கில் ஏழரை மணி நேரத்தில் ஒன்றரை மணி அப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி தேடியது, லேபோடு பேசியது, கட்டணம் விளக்கியது, அடுத்த தேதி கொடுத்தது, ஸ்டாக் பார்த்தது. முதலில் கைமாற வேண்டியவை இவை. இவற்றைக் கொடுத்தால் வருமானத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

ஆட்டோகிளேவ் யார் பொறுப்பு?

முதல் படி கருவிகள். கேட்டால், எல்லா கிளினிக்கிலும் அது ஏற்கெனவே உதவியாளர் வேலைதான் என்பார்கள். வேலை அவருடையது, சரி. பொறுப்பு யாருடையது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் பவுச் ஈரமாக இருந்ததா என்று நோயாளி படுத்த பிறகு டாக்டர் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முறையாகக் கொடுப்பது என்றால் இப்படி. பயன்படுத்திய கருவியை என்சைம் கரைசலில் ஊறவைத்து, அல்ட்ராசானிக் தொட்டியில் ஓட்டி, அலசி, நன்றாகத் துடைத்து, பவுச்சில் போட்டு ஒட்டி, தேதி எழுதி, ஆட்டோகிளேவில் நெருக்காமல் அடுக்க வேண்டும். சாதாரண இயந்திரத்தில் பவுச்சில் இட்ட கருவிக்கு 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம், 30 நிமிடம். வெற்றிட வகை இயந்திரம் என்றால் 134 டிகிரியில் சில நிமிடங்களே போதும். எந்த இயந்திரமானாலும் அதன் கையேடு சொல்வதே கணக்கு. இந்த வேலையை நான்கு கட்டமாக ஒப்படைக்க வேண்டும். முதலில் டாக்டர் செய்ய உதவியாளர் பார்ப்பார். அடுத்து அவர் செய்ய டாக்டர் பக்கத்தில் நிற்பார். மூன்றாவது கட்டத்தில் அவர் தனியாகச் செய்வார், டாக்டர் ஒவ்வொரு சுற்றையும் திறந்து பார்ப்பார். தொடர்ந்து பத்துச் சுற்றில் ஈரப் பவுச்சோ கிழிந்த பவுச்சோ வரவில்லை என்றால் நான்காவது கட்டம். அதன் பிறகு டாக்டர் முன்னறிவிப்பில்லாமல் வாரத்துக்கு ஓரிரு முறை பார்த்தால் போதும்.

அடுத்து, இயந்திரத்துக்கு மேலே சுவரில் தொங்கும் ரிஜிஸ்டர். சுற்று எண், தொடங்கிய நேரம், வெப்பநிலை, அழுத்தம், கையெழுத்து. பவுச்சின் மேலுள்ள பட்டை நிறம் மாறியதென்றால் சூடு பட்டது என்று மட்டுமே அர்த்தம். கிருமி செத்ததா என்று அது சொல்லாது. அதற்கு வாரம் ஒரு முறை ஸ்போர் டெஸ்ட் வேண்டும். வெப்பத்தைத் தாங்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் உள்ள குப்பியைக் கருவிகளோடு உள்ளே வைத்து எடுத்து, அவை வளர்கின்றனவா என்று பார்ப்பது அந்தச் சோதனை. வளர்ந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட வேண்டும்.

ரிஜிஸ்டர் பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு வாரத்துப் பக்கம் முழுக்க ஒரே பேனா மையில், ஒரே சாய்வில், 121, 121, 121 என்று இறங்கியிருந்தால் அது சனிக்கிழமை மாலை உட்கார்ந்து எழுதிய பக்கம். கரண்ட் போன நேரத்தில் ஒரு சுற்று ஓடியதாகப் பதிவு இருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்போது ஆளைத் திட்டுவதைவிட, எழுதும் இடம் இயந்திரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்பது பலன் தரும். பேனா கட்டித் தொங்கவிடாத ரிஜிஸ்டரைச் சனிக்கிழமைதான் எழுதுவார்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் வாணியம்பாடியை நினைத்துக்கொள்ளலாம். 2023இல் அங்கே ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களுக்கு மெலியோய்டோசிஸ் என்ற பாக்டீரியா தொற்று மூளை வரை பரவி, எட்டுப் பேர் இறந்துபோனார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பங்கேற்ற ஆய்வு 2025இல் வெளிவந்தபோது விவரம் தெரிந்தது. சலைன் பாட்டிலை அறுவைக்கான ஒரு கருவியால் திறந்து, சரியாக மூடாமல், மறுபடியும் பயன்படுத்தியிருக்கிறார்கள். சில ரூபாய் பெறும் ஒரு பாட்டில். திறந்த தேதியும் நேரமும் பாட்டிலில் எழுத வேண்டும், அன்று மிஞ்சியதை அன்றே கொட்டிவிட வேண்டும் என்ற ஒரு வரி விதி, அதைப் பார்க்க ஒரு ஆள். அது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நிர்வாகம்.

கருவியோடு சேர்ந்ததுதான் டிரே. ரூட் கெனாலுக்கு, பல் எடுப்பதற்கு, ஃபில்லிங்குக்கு எனத் தனித்தனியாக டிரேயை முழுமையாக அடுக்கி, போட்டோ எடுத்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடலாம். சரியாக இருக்கிறதா என்று அறிய, ஒரு சிட்டிங்கில் உதவியாளர் எத்தனை முறை சேரை விட்டு எழுந்து போகிறார் என்று எண்ணினால் போதும். மூன்று முறைக்கு மேல் என்றால் போட்டோவில் ஏதோ குறைகிறது. புதுப் பெண் வேலைக்கு வந்த அன்றே டிரே அடுக்க முடிந்தால் இந்தப் படி முடிந்தது.

"டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன்"

இரண்டாவது படி ரிசப்ஷன். என் கணிப்பில் இதுதான் கஷ்டமான படி, ஏனென்றால் இதில் கெட்டுப்போவது டாக்டராலேயே.

கேப்புக்கு இவ்வளவு, ரூட் கெனாலுக்கு இவ்வளவு என்று அச்சடித்த பட்டியல் இருக்கும். ரிசப்ஷனில் இருப்பவர் அதைப் பொறுமையாக விளக்குவார். நோயாளி சிரித்துக்கொண்டே, "நான் டாக்டர்கிட்ட சொல்லிக்கிறேன்" என்று உள்ளே வருவார். டாக்டரும் ஐந்நூறு ரூபாய் குறைப்பார். அன்றோடு ரிசப்ஷனின் வாய்க்கு மதிப்பு போயிற்று. அடுத்த முறை அவர் விளக்கக்கூட மாட்டார், நேராக உள்ளே அனுப்பிவிடுவார்.

இதற்கு ஒரே மருந்து, குறைக்கும் அதிகாரத்தை வெளியே கொடுத்து, உள்ளே அதை இல்லாமல் செய்வது. பில்லில் ஐந்து சதவீதம் வரை ரிசப்ஷனில் குறைக்கலாம், காரணத்தை ரசீதில் எழுத வேண்டும். அதற்கு மேல் என்றால் தவணை கொடுக்கலாம். சேரில் படுத்தபடி யாராவது கேட்டால் டாக்டர் சொல்ல வேண்டியது: "அது வெளியே அவங்கதான் பார்க்கிறாங்க, அவங்ககிட்டயே கேளுங்க." முதல் மாதம் நாக்கு கூசும். தெரிந்தவர், உறவுக்காரர், தெருவில் தினமும் பார்ப்பவர் என்று எல்லோரும் கேட்பார்கள். இலவசமாகப் பார்க்க நினைப்பவர்களை முன்கூட்டியே ரிசப்ஷனில் ஒரு பட்டியலாகக் கொடுத்துவைத்தால் பாதிச் சங்கடம் தீரும்.

பணத்தில் இன்னொன்றும் உண்டு. பணம் வாங்குபவரே அன்றைய கணக்கையும் முடிக்கக் கூடாது. அப்பாயின்ட்மென்ட் நோட்டில் எத்தனை பேர், சிகிச்சைக் குறிப்பில் எத்தனை பேர், ரசீது எத்தனை என்று மூன்றையும் உதவியாளர்களில் ஒருவர் இரவு ஒப்பிட்டுக் கையெழுத்திடட்டும். யாரையும் சந்தேகப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருநாள் பணம் குறைந்தால், நல்லவர்மேல் பழி விழாமல் இருக்க இந்தக் கையெழுத்துதான் உதவும்.

லேப் வேலையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். எந்தப் பல், என்ன நிறம், போன தேதி, வர வேண்டிய தேதி என்று ஒரு பலகை. வர வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் காலை உதவியாளர் லேபுக்கு போன் போடுவார். வராது என்றால் அன்றே நோயாளிக்குச் சொல்லித் தேதியை மாற்றிவிடுவார். அவர் பஸ் ஏறி வந்து உட்கார்ந்த பிறகு "கேப் இன்னும் வரலைங்க" என்று சொல்வதை நிறுத்த இது போதும். அளவு எடுத்த ஆல்ஜினேட்டை உடனுக்குடன் கல்மாவு ஊற்றி வார்ப்பதையும் உதவியாளரிடமே கொடுக்கலாம். தாமதித்தால் அது சுருங்கும், கேப் பொருந்தாது.

இப்போது ஜூனியர் வரலாம்

மேலே சொன்னவை ஓட ஆரம்பித்து ஓரிரு மாதம் ஆனதும் டாக்டருக்கு நாளில் ஒன்றரை மணி கிடைத்திருக்கும். அந்த நேரத்தில் மேலும் நோயாளிகளைப் பார்க்கத்தான் கை அரிக்கும். கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். ஜூனியரைப் பழக்குவதற்கான நேரம் அது.

சிகிச்சையையும் படிப்படியாகத்தான் கொடுக்க வேண்டும். பல் சுத்தம், சிறிய ஃபில்லிங், ஆடும் பல்லை எடுப்பது முதலில். பிறகு ஒரே வேர்க்குழாய் உள்ள முன்பல் ரூட் கெனால். அதன் பிறகு முன்கடைவாய்ப் பல். மூன்று, நான்கு குழாய்கள் உள்ள கடைவாய்ப் பல் கடைசி. பதிந்துகிடக்கும் ஞானப்பல்லையும் கிளிப் போடுவதையும் வாரம் ஒருமுறை வந்துபோகும் சிறப்பு மருத்துவருக்கு விட்டுவிடலாம்.

ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எப்போது ஏற்றுவது? ரூட் கெனாலில் இதற்குத் தெளிவான அளவு இருக்கிறது. குழாயை அடைத்த பொருள் எக்ஸ்ரேயில் வேரின் நுனிக்கு இரண்டு மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும், நுனியைத் தாண்டக் கூடாது, நடுவில் வெற்றிடம் தெரியக் கூடாது. நோயாளி சேரை விட்டு இறங்கும் முன் சீனியர் அந்தப் படத்தைப் பார்த்துவிட வேண்டும். முதல் பத்துப் பற்களுக்கு இது கட்டாயம். திருத்தம் தேவைப்பட்டால் ஜூனியரே அங்கேயே திருத்தட்டும். சீனியர் கையுறை மாட்டிக்கொண்டு, "தள்ளுங்க, நான் பார்க்கிறேன்" என்று உட்கார்ந்தால் நோயாளி, உதவியாளர் இரண்டு பேர் கண்ணிலும் ஜூனியர் சிறுத்துவிடுவார். அதில் நோயாளியின் கண்தான் முக்கியம். ஆபத்து இருந்தால் மட்டும் கைவைக்கலாம்.

அந்த நோயாளிதான் இந்தப் படியில் பெரிய முட்டுக்கட்டை. "இல்லீங்க, நீங்களே பார்த்துடுங்க டாக்டர்" என்பார். பத்து வருடமாக வருபவரிடம் வாதாட வேண்டாம், அவரைச் சீனியரே பார்க்கலாம். புதிதாக வருபவர்களிடம்தான் பழக்கத்தைத் தொடங்க வேண்டும். முதல் நாளே இரண்டு டாக்டர்களும் சேர்ந்து பரிசோதிக்கட்டும். என்ன செய்யப்போகிறோம் என்பதை அவர் காதுபடவே பேசி, "வியாழக்கிழமை இவங்க செய்வாங்க, முடிஞ்சதும் நான் வந்து பார்ப்பேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னபடி வந்து இரண்டு நிமிடம் பார்க்கவும் வேண்டும். அதை ஒருமுறை தவறவிட்டாலும் அடுத்த அப்பாயின்ட்மென்டுக்கு அவர் வருவது சந்தேகம். ஜூனியரின் நோயாளிகளில் எத்தனை பேர் அடுத்த தேதிக்கு வராமல் போகிறார்கள் என்பதை ரிசப்ஷன் தனியாகக் குறித்துவந்தால் வேறு அறிக்கை எதுவும் வேண்டாம்.

வருமானம் குறையும் மாதங்கள்

பணக்கணக்கை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. எளிய எண்களை வைத்துப் பார்ப்போம். சீனியர் சேரில் உட்காரும் ஒரு மணி நேரத்தில் 2,000 ரூபாய் வருகிறது, பொருட்செலவு 15 சதவீதம். அவர் தினமும் இரண்டு மணி நேரம் குறைத்தால் 4,000 ரூபாய் போகும், பொருட்செலவைக் கழித்தால் நிகர இழப்பு 3,400. ஜூனியர் நான்கு மணி நேரம் பார்க்கிறார், மணிக்கு 1,200 என்றால் 4,800. அதில் 15 சதவீதம் பொருளுக்கு, 30 சதவீதம் அவருக்கு. கிளினிக்குக்கு மிஞ்சுவது 2,640. ஆக நாளுக்கு 760 ரூபாய் குறைகிறது, மாதம் 25 நாளுக்கு 19,000.

பலர் இந்த இடத்தில் பயந்து திரும்பிவிடுகிறார்கள். ஜூனியரின் மணிக்கணக்கு 1,600க்கு ஏறும்போது கிளினிக்குக்கு 3,520 மிஞ்சி, பள்ளம் மூடிவிடும். முன்பல்லிலிருந்து கடைவாய்ப் பல்லுக்கு அவரை ஏற்றுவது பயிற்சி மட்டுமல்ல, பணக்கணக்கும் அதில் அடங்கியிருக்கிறது என்பது இப்போது தெரியும். எத்தனை மாதக் குறைவைத் தாங்க முடியும் என்று பார்த்து, அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். சேருக்கும் இயந்திரத்துக்கும் மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது தொடங்குவது விஷப்பரீட்சை.

சம்பளமா, சதவீதமா என்பதில் என் கருத்து சற்று மாறுபட்டது. மேலே கணக்கு வசதிக்காக 30 சதவீதம் என்று வைத்தாலும், முதல் வருடம் நிலையான சம்பளமே நல்லது. தொடக்கத்திலேயே சதவீதம் என்றால், ஃபில்லிங்கோடு முடிய வேண்டிய பல் ரூட் கெனாலுக்குப் போகும் ஆசை யாருக்கும் வரலாம். சம்பளம் கொடுத்தால் மந்தமான மாதத்தில் முதலாளிக்கு வலிக்கும் என்பது உண்மைதான். சிகிச்சைத் திட்டத்தை முடிவு செய்யும் அதிகாரம் சீனியரிடம் இருக்கும்வரை சதவீதத்தின் தீமை குறையும் என்று சொல்பவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது.

வராத இரண்டு நாட்கள்

சில வேலைகள் என்றைக்கும் கைமாறக் கூடாதவை. சிக்கலான நோய்க்கு முடிவு சொல்வது, தவறு நடந்தால் நோயாளியின் எதிரில் உட்கார்ந்து பேசுவது, ஆளைச் சேர்ப்பதும் அனுப்புவதும், வங்கிக் கையெழுத்து. மற்றவை எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்று பார்க்க, டாக்டர் இரண்டு நாள் கிளினிக்குக்குப் போகாமல் இருக்கலாம். ஊரில் இருந்தால் போதும், போனையும் எடுக்கலாம். ஆனால் வரும் ஒவ்வொரு அழைப்பையும் எழுதிவைக்க வேண்டும்.

"மேடம், கம்ப்ரசர் ஓடலை, யாரைக் கூப்பிடறது?" என்பது ஒரு போன் நம்பரை ஒட்டிவைத்தால் தீரும். "போன வாரம் பல்லு எடுத்தவருக்கு வீக்கமா இருக்குன்னு வந்திருக்கார்" என்று ஜூனியர் கேட்டால் அது நல்ல அழைப்பு, வரத்தான் வேண்டும். எந்த வீக்கத்துக்கு உடனே கூப்பிட வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தீர்களா என்பது மட்டும் கேள்வி. மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம், தாடைக்குக் கீழே பரவும் வீக்கம், காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமை என்றால் டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். "ஒருத்தர் ஆயிரம் ரூபாய் குறைக்கச் சொல்றார்" என்ற அழைப்பு வந்தால், இரண்டாவது படி இன்னும் முடியவில்லை. "கிளவுஸ் தீர்ந்துபோச்சு" என்று வந்தால், கடைசிப் பெட்டியைத் திறந்ததும் ஆர்டர் போடும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

பட்டியலில் ஒரே கேள்வி இரண்டு முறை வந்திருந்தால் அதற்கு அந்த வாரமே ஒரு வரி விதி எழுதி, யார் முடிவெடுப்பது என்று பெயரும் போட வேண்டும். அடுத்த மாதம் மறுபடி இரண்டு நாள்.